உப்பு படிய ஓர் இடம்

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவளுடைய கரண்ட் கெட்டிலைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். அந்தக் கெட்டிலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். அடியில் விரல் கனத்துக்கு உப்பு. சுவரெல்லாம் சொரசொரவென்று வெள்ளையும் பழுப்புமாய் ஒரு பூச்சு. தண்ணீர் கொதிக்கும்போது அது போடுகிற சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள் லாரி ஏதோ நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருமுறை தெரியாமல் அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்துவிட்டு, "வெள்ளையடிச்ச சுவத்த நக்கின மாதிரி இருக்கு" என்றார். அன்று முதல் டீக்கு வேறு பாத்திரம்.

எங்களுடையது துணி திருத்தித் தருகிற கடை. வீட்டின் முன்னறைதான் கடை. நான் மெஷினில் உட்கார்ந்து சுருக்குவேன், பெரிதாக்குவேன், ஜிப் மாற்றுவேன், வாய் ஓயாமல் பேசுவேன். அவள் உள்பக்கச் சுவரோரம் மேசை போட்டு நின்று இஸ்திரி போடுவாள், வாயே திறக்க மாட்டாள். ஆவி இஸ்திரிப் பெட்டி. அதன் அடித்தட்டில் வரிசையாய்ப் பொடி ஓட்டைகள், அவற்றின் வழியாக ஆவி வரும். கோட்டு, சில்க், மடிப்புப் பாவாடை எதுவாக இருந்தாலும் அவள் கைபட்டு வந்தால் புதுசுபோல் இருக்கும். தைத்தவள் நான், பெயர் வாங்குகிறவள் அவள். "இஸ்திரி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் உப்பு பூத்து நிற்கும். அந்தத் தண்ணீரை அப்படியே இஸ்திரிப் பெட்டியில் ஊற்றினால் உள்ளே உப்பு கட்டி, ஓட்டைகளை அடைத்து, கடைசியில் துணியின் மேல் துப்பும். மற்ற கடைக்காரர்கள் பெட்டியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இவள் என்ன செய்வாள் தெரியுமா? கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். ஆற விடுவாள். கொதித்ததும் தண்ணீரில் இருக்கிற உப்பில் பெரும்பங்கு பிரிந்து கெட்டிலில் ஒட்டிக்கொள்ளும், மீதி தூளாய் அடியில் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, அடித்தண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்த வடித்த தண்ணீரைத்தான் பெட்டிக்கு ஊற்றுவாள். காலையில் முதல் வேலை அதுதான். குளித்தாளா சாப்பிட்டாளா என்பதெல்லாம் அப்புறம்.

"எதுக்குடி இந்தக் கூத்து? ஊர் உலகத்துல யாரும் பண்ணாததை?" என்று நான் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

"உப்பு எதுலயாவது ஏறித்தான் ஆகணும் அண்ணி. இஸ்திரில ஏற வேணாம். கெட்டில்ல ஏறட்டும்" என்றாள்.

கெட்டிலைக் கழுவவே மாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் அளவுக்கு மீறினால், தண்ணீர் கொதிப்பதற்குள் தானாக அணைந்து போனால், கொஞ்சம் வினிகர் ஊற்றி மேலோட்டமாகக் கரைப்பாள். ஆனால் முழுசாக ஒருநாளும் எடுக்க மாட்டாள். அடியில் ஒரு பூச்சு இருந்தே ஆக வேண்டும். பழைய உப்பு இருக்கிற இடத்தில்தான் புது உப்பு சீக்கிரம் போய் உட்காரும், பளபளவென்று இருந்தால் அது தண்ணீரிலேயே மிதந்துகொண்டு இஸ்திரிப் பெட்டிக்குள் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. சரியோ தப்போ, அவள் பெட்டி வருஷக்கணக்கில் உழைத்தது. அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

அவள் இங்கே வந்த கதை சின்னது. கட்டியவன் வேலை தேடி வெளியூர் போனான், அங்கேயே இன்னொரு வீடு தேடிக்கொண்டான். ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், டெலிவரி வேன் ஓட்டுகிறவர். வாயில்லாப் பூச்சி. "உள்ள வாம்மா" என்றார், அவ்வளவுதான். வந்த மறுநாளே இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். என் மகளுக்கு ஜுரம் என்றால் அவள்தான் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். மாமனார் படுக்கையில் விழுந்து கிடந்தபோது அவருக்குத் துடைத்து, மாற்றி, ஊட்டியதெல்லாம் அவள்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். வாடிக்கைக்காரர் மேல் வருகிற கோபத்தை வாடிக்கைக்காரரிடம் காட்ட முடியுமா? அவளிடம் காட்டுவேன். வீட்டுக்காரர் மேல் வருவதையும் அவளிடமே காட்டுவேன். அவள் பெட்டியை ஒருமுறை தூக்கி "புஸ்" என்று ஆவி விடுவாள். அதுதான் அவள் பதில். மகள் படிக்க வெளியூர் போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை, அத்தையைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். எனக்கு வலித்தது, ஆனால் ஞாயம்தான்.

இந்த வருஷம் அவளுடைய பழைய சிநேகிதி ஒருத்தி போன் செய்தாள். இருவரும் ஒரு பெரிய லாண்டரியில் ஒன்றாக இஸ்திரி போட்டவர்கள். அந்தச் சிநேகிதி வேறொரு ஊரில் சொந்தமாகக் கடை திறக்கிறாளாம், திறப்பு வேலைக்கு வந்து கொஞ்சம் கை கொடு என்று கூப்பிட்டாள். நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வாயேன், நான் என்ன கட்டிப் போட்டா வெச்சிருக்கேன்?" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தால் எல்லாமே சண்டைக்கு இழுப்பது போலத்தான் இருக்கும்.

சில வாரம் போனாள். அந்தச் சில வாரமும் இஸ்திரி மேசையில் என் வீட்டுக்காரரும் நானும் மாறி மாறி நின்றோம். கெட்டில், வடிகட்டல் எல்லாம் முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அவர் குழாயைத் திறந்து நேராகப் பெட்டியில் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "ஒண்ணும் ஆகாது, நல்லாத்தானே வருது" என்றார். நல்லாத்தான் வந்தது, கொஞ்ச நாளைக்கு.

அவள் திரும்பி வந்த அன்று மத்தியானம் வக்கீல் அம்மாவின் கறுப்புக் கோட்டு மேசையில் இருந்தது. எங்களுக்குப் பழைய வாடிக்கை. தோளைச் சரிபண்ணக் கொடுத்திருந்தார்கள், மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போட வேண்டும். என் வீட்டுக்காரர்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆவி பட்டனை அழுத்தினார். பெட்டி இருமிற்று, அப்புறம் துப்பிற்று. கோட்டின் மார்பில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், கூடவே பழுப்பாய் இரண்டு சொட்டு.

"அய்யய்யோ!" என்று நான் மெஷினை விட்டு எழுந்தேன். "மூஞ்சில இருக்கறது கண்ணா புண்ணா? கொடுங்க இங்க!"

பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றிருந்தாள் அவள். "அண்ணே, பிளக்கைப் பிடுங்குங்க. துணிய யாரும் தேய்க்காதீங்க, தேய்ச்சா உள்ள இறங்கிடும்" என்றாள்.

அவ்வளவுதான். யார் செய்தது, எப்படி ஆனது, ஒரு கேள்வி கிடையாது. கோட்டைத் தூக்கிக் காயவிட்டாள். காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டியதில் வெள்ளைத்தூள் பாதி உதிர்ந்தது. மீதிக்கு வினிகரில் நிறையத் தண்ணீர் கலந்து, முதலில் உள்தையலில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்தாள், சாயம் ஓடவில்லை. அப்புறம் வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றினாள். கோட்டு பிழைத்தது. எனக்குப் போன உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் கேட்டேன், "அங்க எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு அண்ணி." கோட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டு, "அங்கேயே இருந்துடச் சொல்றா. கடையில பாதி உனக்குன்னு சொல்றா. போர்டுல ரெண்டு பேர் பேரும் போடறாளாம்" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"அண்ணி கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னேன்."

அவள் இப்படிச் சொன்னதும் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போகாதடி" என்று ஒரு வார்த்தை. இல்லை, "போயிட்டு வா" என்று மனசார ஒரு வார்த்தை. நான் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "உன் இஷ்டம். எனக்கு என்ன?" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அந்தச் சாயங்காலம் முழுக்க அதைச் சுத்தம் செய்தாள். நான் மெஷின் ஓட்டுவதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பெட்டி நன்றாக ஆறும்வரை தொடவில்லை. பழைய துணியை நாலாய் மடித்து வினிகரில் நனைத்து, தட்டின் மேல் பரப்பி, பெட்டியின் அடி அதன்மேல் படும்படி வைத்தாள். அடித்தட்டில் கரகரவென்று ஒட்டியிருந்த உப்பு ஊறி இளகட்டும் என்று விட்டுவிட்டு, கடைக்கு வந்த பாவாடைக்கு மடிப்புப் பிடித்தாள். திரும்பி வந்து துடைத்தாள், துணியில் பழுப்பாய் வந்தது. மறுபடி நனைத்தாள், மறுபடி வைத்தாள். ஓட்டைகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியாலும், பஞ்சு போகாத இடத்தில் மூங்கில் பல்குச்சியாலும் ஒவ்வொன்றாய்த் தள்ளினாள்.

"ஊசி தரட்டுமா? ஒரே குத்துல வந்துடும்" என்றார் என் வீட்டுக்காரர். குற்ற உணர்ச்சி அவருக்கு.

"வேணாம்ணே. ஊசி பட்டா கீறல் விழும். கீறல் விழுந்தா சில்க்கை இழுக்கும்."

"உள்ள வினிகரை ஊத்திட வேண்டியதுதானே? மொத்தமா கரைஞ்சிடும்ல."

"இந்தப் பெட்டிக்கு உள்ள வினிகர் ஊத்தக் கூடாதுன்னு இதோட புக்லயே போட்டிருக்கு. சிட்ரிக் ஆசிட் லேசா கலந்து ஊத்தலாம்னும் அதுலயே இருக்கு."

சிட்ரிக் ஆசிட் என்றால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதுதான். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பை எடுக்க உப்பா? நல்ல வேலைதான் போ" என்றார். நாத்தனார் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது, ஊருக்குக் கிளம்புகிறவள் சிரிக்கிற சிரிப்பு.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாய்க் கரைத்துப் பெட்டிக்குள் ஊற்றி, சூடேற்றி, ஊறவிட்டாள். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே படுக்கையாய்ப் பிடித்து ஆவியை விட்டாள். தொட்டியில் வெள்ளைச் செதில்களும் பழுப்புத் தண்ணீரும் கொட்டின. அவளோ முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெட்டியை மெல்ல ஆட்டினாள். பிறகு வெறும் தண்ணீர், அதுவும் வடித்த தண்ணீர், ஊற்றிச் சூடேற்றி மறுபடி விட்டாள். தெளிவாய் வருகிறவரை விட்டாள். கடைசியாக ஒரு பழைய வெள்ளைத் துண்டின் மேல் தேய்த்துப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. அந்தத் துண்டை என்னிடம் காட்டவில்லை, மடித்து வைத்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் வக்கீல் அம்மா கோட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நாத்தனார் கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் இஸ்திரி மேசைப் பக்கம் போனேன். கெட்டிலின் மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

பளபளவென்று இருந்தது. வாங்கின அன்று எப்படி இருந்ததோ அப்படி. அடித்தகட்டில் என் முகம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஒரு துண்டு உப்பு, உள்ளங்கை அகலத்துக்கு, அப்பளம் உடைந்தது போல். சிட்ரிக் ஆசிட் சுடுதண்ணீரில் ஊறி அடியிலிருந்து அப்படியே பெயர்ந்து வந்திருக்கும் போல. மீதியெல்லாம் கரைந்து போயிருக்கிறது.

அடியில் ஒரு பூச்சு விட்டே தீருவேன் என்று இத்தனை வருஷம் அடம் பிடித்தவள் இன்றைக்கு ஒரு சொரசொரப்புகூட விடாமல் எடுத்திருக்கிறாள். ஏன் எடுப்பாள்? இனிமேல் இந்தக் கெட்டிலில் இஸ்திரிக்குத் தண்ணீர் வைக்கப் போவதில்லை. இனி இது டீ போடுகிறவர்களின் கெட்டில். வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் தரையைக் கழுவிவிட்டுப் போவார்கள் அல்லவா, அப்படி. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டில் சொல்லிவிட்டது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும், என்ன செய்ய? அவள் உள்ளே வந்ததும் ஆரம்பித்தேன்.

"என்னடி இது?"

"சுத்தம் பண்ணேன் அண்ணி. நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் ஊற வெச்சு, கழுவிட்டு, ரெண்டு தடவை பாதித் தண்ணி கொதிக்க வெச்சு ஊத்திட்டேன். வாடை ஒண்ணும் இல்ல. இனிமே டீக்கும் வெச்சுக்கலாம்."

"யாரு கேட்டா டீக்கு? நீ போறதுன்னா போ. சொல்லிட்டுப் போ. இந்த மாதிரி பாத்திரத்தைத் தேச்சு வெச்சுட்டுப் போறது என்ன பழக்கம்? நீ இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காதுன்னு நினைச்சியா? தண்ணி கொதிக்க வைக்கறது என்ன பெரிய வித்தையா? இதோ பாரு நான் வைக்கறேன்!"

குழாயைத் திறந்து கெட்டிலை வழிய வழிய நிரப்பினேன். பீடத்தில் டக்கென்று வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எப்போதும் அவளுக்காகப் பதில் சொல்கிற ஆவிப்பெட்டி அன்று ஆறிக் கிடந்தது. சத்தமே போடாமல் சூடேறிக்கொண்டிருந்தது கெட்டில். அந்த லாரி சத்தம் இல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலில் அவள்தான் பார்த்தாள். "அண்ணி, தள்ளுங்க!" என்று என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டு, சுவரில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள்.

கெட்டிலின் பக்கத்தில் தண்ணீர் அளவு தெரிய ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும் அல்லவா, அதன் மேல்பாதியில் ஓரத்தோடு ஓரமாய் நீர் கசிந்து, கோடாய் இறங்கி, பீடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நேற்று அவள் பாதித் தண்ணீர்தான் வைத்திருந்தாள், அந்த உயரத்துக்குத் தண்ணீர் போகவே இல்லை, அதனால்தான் தெரியவில்லை. ஆற விட்டு, கொட்டிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பட்டையின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். எப்போது விட்டதோ தெரியாது. அந்த விரிசலுக்குள்ளேயும் உப்பு ஏறி அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டாள்.

"அடக் கடவுளே" என்றாள் அவள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. "இத்தனை நாளும் உப்புதான் ஒழுகாம பிடிச்சிட்டு இருந்திருக்கு அண்ணி. நான் கெடுத்துட்டேன்."

அவள் மூஞ்சியைப் பார்த்தேன். கெட்டில் போனதற்கு அப்படி ஒரு வருத்தம். கட்டியவன் போனபோதுகூட இவள் இப்படி நின்று நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உடைந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் எல்லோர் உப்பும் யார் மேல் ஏறிற்று, நாங்களெல்லாம் எப்படித் துருப்பிடிக்காமல் இருந்தோம் என்பது மண்டையில் அடித்தாற்போல் உறைத்தது.

"கெட்டில் கிடக்குது கழுதை" என்றேன். அப்புறம் கத்தினேன். "நீ போகாதடி! நீ போனா நான் யார் கிட்டடி கத்துவேன்? இந்த மனுஷன் கிட்ட கத்தினா சுவத்துல முட்டிக்கிட்ட மாதிரி. பொண்ணும் இங்க இல்ல. நீ போகாத. எனக்கு நீ வேணும். இஸ்திரிக்கு இல்ல, இஸ்திரி நாசமாப் போகட்டும்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாமல் நானும் அழுதுகொண்டே, "என்னத்துக்கு இளிக்கற?" என்று அதட்டினேன்.

"நீங்க ஒரு தடவைகூட இரு-ன்னு சொன்னதில்ல அண்ணி. அண்ணன் உள்ள வான்னு சொன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லல. நானா வந்தேன், நானா இருந்தேன். வேலை செய்யறேன்ல, அதனால வெச்சிருக்காங்கன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். அதான் கெட்டிலைக் கழுவி வெச்சுட்டும், போகலாமா வேண்டாமான்னு எனக்கே தெரியல."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல? அப்ப போன் போட்டு வரலைன்னு சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகச் சொன்னாள். "இல்ல அண்ணி. போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேண்டாதவளா இங்கிருந்து போறதுன்னா எனக்கு மனசு வந்திருக்காது. எங்கியோ தள்ளி விட்ட மாதிரி இருக்கும். இப்ப நீங்க இருன்னு சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு வீடு இருக்கு. வீடு இருக்கறவ தைரியமா வெளியூர் போகலாம்ல?"

நான் சண்டை போட்டேன். போடாமல் இருப்பேனா? மூன்று வேளையும் போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடமாட்டேன் என்றேன். அவள் தட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. போர்டில் பெயர் போடுகிறேன் என்று ஒருத்தி கூப்பிடுகிறாள். நான் அவள் இடத்தில் இருந்தால் பையைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன்.

கெட்டிலை ரிப்பேர் கடைக்காரரிடம் காட்டினோம். பட்டை தனியாகக் கிடைக்காது, இதை இனிமேல் கரண்டில் வைக்காதீர்கள் என்றார். புதுசு ஒன்று வாங்கினேன், கண்ணாடிப் பட்டையே இல்லாத, முழுசும் எவர்சில்வராய் இருக்கிற கெட்டில். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் நாத்தனார் அதைக் கழுவி, ஒருமுறை கொதிக்க வைத்துக் கொட்டினாள். அப்புறம் அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். அதிலிருந்த உப்புத் துண்டை நாலு தண்ணீரில் அலசி வைத்திருந்தாள். அதைப் புதுக் கெட்டிலுக்குள் போட்டாள். கிணிங் என்று சத்தம் கேட்டது.

"பைத்தியமா உனக்கு? புதுசுல போயி பழைய அழுக்கைப் போடற?"

"உப்பு படிய ஒரு இடம் வேணும்ல அண்ணி. இது இருந்தா கொஞ்சமாவது இதுமேல ஏறும். கனமாயிட்டா எடுத்து வினிகர்ல போட்டுக் கரைச்சு, சின்னதாக்கி, அலம்பி மறுபடி போடுங்க. அடித்தண்ணிய மட்டும் பெட்டிக்கு ஊத்தாதீங்க. அண்ணன் கிட்ட விட்டுடாதீங்க."

அதே பையோடு போனாள். பஸ் கிளம்பும்வரை நான் டிரைவரிடம் ஜன்னல் சரியாக மூடவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது காலையில் முதல் வேலை எனக்குத் தண்ணீர் வைப்பதுதான். கொதிக்க வைக்கிறேன், ஆற விடுகிறேன், வடிக்கிறேன், அடித்தண்ணீரைக் கொட்டுகிறேன். அந்தத் துண்டு எப்போதும் அடியில் கிடக்கிறது. கனத்துவிட்டது, ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. கோபம் வந்தால் கத்துவதற்கு ஆளில்லாமல், வாடிக்கைக்காரர்களிடமே நேராகக் கத்திவிடுகிறேன். ஆச்சரியம் என்னவென்றால் அவர்கள் திருப்பிக் கத்துகிறார்கள், அப்புறம் துணியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இஸ்திரி அக்கா இல்லையா என்று கேட்பவர்களிடம், அவள் சொந்தக் கடை வைத்திருக்கிறாள் என்று நானே பெருமை அடித்துக்கொள்கிறேன்.

நேற்று போனில் வீடியோ கால் செய்தாள். போர்டு மாட்டிவிட்டார்களாம், போட்டோ அனுப்பியிருந்தாள். கடையைச் சுற்றிக் காட்டினாள். இஸ்திரி மேசை, அதன் மேல் ஒரு கெட்டில்.

"அந்தக் கெட்டிலைக் கிட்ட காட்டு" என்றேன். "தண்ணி எப்படி அங்க? எவ்வளவு ஏறியிருக்கு?"

கெட்டிலின் மூடியைத் திறந்து போனை உள்ளே காட்டினாள். பளபளவென்று இருந்தது. ஒரு சொரசொரப்பு இல்லை.

"இங்க நல்ல தண்ணி அண்ணி" என்றாள். "இத்தனை நாளாச்சு, உப்பே ஏறல. நான் கூடத் தினம் திறந்து பார்க்கறேன், நம்ப முடியல."

நான் எங்கள் கெட்டிலின் மூடியைத் திறந்து, அடியில் கனத்துக் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்தேன்.

"அப்படியே இரு" என்றேன். "கொஞ்ச நாளைக்கு நீ அப்படியே இருடி."